படிக்குக் கீழே சார், மேலே பெரியப்பா

கம்பெனி விதிகள் எல்லாவற்றையும் பெரியப்பா தன் கைப்பட எழுதி, கண்ணாடி போட்டு, சுவரில் மாட்டியிருந்தார். தாமதமாக வந்தால் என்ன, கையுறை போடாவிட்டால் என்ன, டீ நேரம் எவ்வளவு, எல்லாம் அதில் இருந்தன. மாட்டாமல் விட்டது ஒரே ஒரு விதி. எழுத அவசியமில்லாத அளவுக்கு அது எல்லோருக்கும் மனப்பாடம். படிக்குக் கீழே அவர் சார், படிக்கு மேலே பெரியப்பா.

கட்டடம் அப்படி அமைந்திருந்தது. தரைத்தளத்தில் கம்பெனி. தரை துடைக்க, கை கழுவ, பாத்திரம் தேய்க்க என்று மூன்று வகைத் திரவங்கள் அங்கே தயாராகி, பாட்டிலில் அடைபட்டு, வேனில் ஏறிப் போயின. முதல் மாடியில் பெரியப்பா வீடு. இரண்டாம் மாடியில் அவள் வீடு. அவள் அந்தக் கம்பெனியின் கெமிஸ்ட். காலையில் இரண்டாம் மாடியிலிருந்து இறங்கும்போது முதல் மாடியில் பெரியப்பா செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். "என்னம்மா, தூங்கினியா?" என்பார். "தூங்கினேன் பெரியப்பா" என்பாள். இருவரும் சேர்ந்தே கீழே இறங்குவார்கள். கடைசிப் படியைத் தாண்டியதும் அவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். "நேத்து தொட்டியோட ரிப்போர்ட் வரலையே?"

"இதோ தரேன் சார்."

பெரியப்பாவின் மகனும் கீழே அவரை சார் என்றுதான் கூப்பிட வேண்டும். அவன் விற்பனையைப் பார்த்தான். அவன் மெதுவாகப் பேசினாலே தெருமுனையில் கேட்கும் என்பதால் அவனுக்கு மைக் என்று பெயர். பதிலுக்கு அவன் அவளுக்கு லிட்மஸ் என்று பெயர் வைத்திருந்தான். யாராவது இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசினால், அமிலம் பட்ட லிட்மஸ் தாள் மாதிரி அவள் முகம் சிவந்துவிடும். கணக்கு, சம்பளம், பணியாளர் கோப்பு எல்லாம் அத்தை வசம். பெரியப்பாவின் தங்கை. அவள் எதிர்வீட்டுக்காரி; படியேறி இறங்கும் வேலையே இல்லாததால் விதியை ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கு மேடமும் வேணாம், கீடமும் வேணாம். நான் பொறந்ததுலேருந்து இவனுக்குத் தங்கச்சி. சாருக்குத் தங்கச்சி இல்லன்னா அது சாரோட கவலை" என்றுவிட்டாள்.

மூன்று வருடம் இப்படிப் போனது. பிறகு அவளுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது.

தண்ணீரையும் உணவுப் பொருளையும் சோதித்துச் சான்று தரும் ஆய்வுக்கூடம். விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து, தேர்வு எழுதி, நேர்காணலில் முகம் சிவந்து, எப்படியோ தேறிவிட்டாள். நியமன உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது. இப்போது வேலை செய்யும் இடத்திலிருந்து முறைப்படி விடுவிப்புக் கடிதம் கொண்டு வர வேண்டும். அதில் பதவியும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நேர்காணலிலேயே ஒரு அதிகாரி, "சொந்தக்காரங்க கம்பெனியா?" என்று கேட்டுவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று அவளுக்குத் தெரியாது. மூன்று வருடம் சும்மா பெயருக்கு இருந்தவள் என்று எழுதியிருப்பாரோ என்ற எண்ணம் மட்டும் வீடு வரை கூடவே வந்தது.

அந்தக் கம்பெனியிலிருந்து சொந்தக்காரர் யாரும் இதுவரை ராஜினாமா செய்ததில்லை. செத்தவர் உண்டு, கோபித்துக்கொண்டு போனவர் உண்டு, கல்யாணமாகிப் போனவர் உண்டு. கடிதம் கொடுத்துவிட்டுப் போனவர் இல்லை.

அவள் எழுத உட்கார்ந்தாள். 'அன்புள்ள பெரியப்பா' என்று ஆரம்பித்து அடித்தாள். 'மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு' என்று மாற்றினாள். காரணம் என்ற இடத்தில் கை நின்றது. எல்லோரும் எழுதுவது 'சொந்தக் காரணங்களுக்காக' என்றுதான். சொந்தக்காரர்களே நடத்தும் கம்பெனியில் அப்படி எழுதினால் எந்தச் சொந்தம் காரணம் என்று அத்தை விசாரணைக் கமிஷன் வைத்துவிடுவாள். கம்பெனியைக் குறை சொன்னால் அது பெரியப்பாவைச் சொன்ன மாதிரி. பெரியப்பாவைப் புகழ்ந்தால் பிறகு ஏன் போகிறாய் என்பார்கள். ராஜினாமாவில் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று நியமன உத்தரவில் இல்லை. எனவே அந்த வரியையே எடுத்துவிட்டாள்.

மிஞ்சியது இவ்வளவுதான். கெமிஸ்ட் பதவியிலிருந்து விலகுகிறேன். ஒப்பந்தப்படி ஒரு மாத அறிவிப்பு தருகிறேன். கடைசி வேலை நாள் இன்ன தேதி. அதற்குள் ஒவ்வொரு தொட்டியின் சோதனைத் தாள்கள், மாதிரி பாட்டில்கள், கருவிகளின் அளவுத்திருத்தப் பதிவுகள் எல்லாவற்றையும் ஒப்படைக்கிறேன். இங்கே கற்றுக்கொள்ளக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி. விடுவிப்புக் கடிதம் தர வேண்டுகிறேன். கையெழுத்து.

படித்துப் பார்த்தாள். காய்ச்சி வடித்த தண்ணீர் மாதிரி இருந்தது. நிறம் இல்லை, மணம் இல்லை. நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சாரின் மேஜையில் வைத்தாள். சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். 'பெறப்பட்டது' என்ற முத்திரையை மையில் ஒத்தி, கடிதத்தின் மூலையில் நேராகக் குத்தினார்.

"சரி. எழுத்து மூலமா பதில் வரும்."

"தேங்க்ஸ் சார்."

"தரை திரவம் இன்னிக்கு ரெண்டு தொட்டி. பார்த்துக்கோங்க."

வாங்க போங்க என்ற மரியாதையெல்லாம் அவர் அவளுக்கு எப்போதும் கொடுத்ததில்லை. அன்று மட்டும் வந்தது. நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்த மாதிரி அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவு சுலபமா என்று கூடத் தோன்றியது.

மாலை படியேறும்போது முதல் மாடிக் கதவு திறந்திருந்தது. பெரியப்பா நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"என்னம்மா, என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல பெரியப்பா."

"ஒண்ணும் இல்லையா?"

"இல்ல பெரியப்பா."

அவர் தலையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள். கம்பெனிப் பேச்சு படியேறக் கூடாது என்பது அவர் போட்ட விதி. காலையில் கொடுத்ததைப் பற்றி மாலையில் வாசலில் நின்று பேசினால் மரியாதையாக இருக்காது என்று அவள் மாடி ஏறிப் போய்விட்டாள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். புது வேலை விஷயம் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும்.

"பெரியப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"கொடுத்துட்டேன்."

"கொடுத்துட்டியா, சொல்லிட்டியா?"

"கடிதம் கொடுத்தா சொன்ன மாதிரிதானேம்மா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ கொடுத்தது சாருக்கு. என் மச்சினருக்கு யார் சொன்னது?"

"ரெண்டும் ஒரே ஆளும்மா."

"அத நீ அவர்கிட்ட சொல்லிப் பாரு."

அவள் சொல்லிப் பார்க்கவில்லை. அவளுக்கு அந்தத் தைரியம் இருந்திருந்தால் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

மறுநாள் காலை செருப்பு மாட்டும் நேரத்தில் பெரியப்பா இல்லை. முன்னாடியே இறங்கிவிட்டார். அவள் மேஜைமேல் ஒரு உறை இருந்தது. 'தங்கள் ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று கம்பெனித் தாளில், எண் போட்டு, தேதி போட்டு, நகல்: பணியாளர் கோப்பு என்று முடித்திருந்தது. குறை சொல்ல ஒரு புள்ளிகூட இல்லை. அந்த வாரமே புது கெமிஸ்ட் தேவை என்று விளம்பரம் கொடுத்தார். ஒப்படைக்க வேண்டியவற்றுக்கு அட்டவணை போட்டார். சார் என்ற முறையில் அவரைப் போல ஒரு சார் எங்கும் கிடைக்க மாட்டார்.

மேலே கதை வேறு. மாலையில் அவள் படியேறும் சத்தம் கேட்டால் முதல் மாடி நாற்காலி சுவரைப் பார்க்கத் திரும்பியது. உள்ளேயிருந்து பெரியம்மாவிடம் பேசுவது போல, ஆனால் மாடிப்படிக்குக் கேட்கும்படி பேச்சு வரும்.

"நமக்கு யாரு என்ன சொல்றா? நாம யாரு?"

"என்னங்க ஆச்சு?" என்பாள் பெரியம்மா. அவளுக்கு நிஜமாகவே எதுவும் தெரியாது. கம்பெனி விஷயத்தை அவர் வீட்டில் சொல்வதில்லை.

"ஒண்ணும் ஆகல. பிள்ளைங்க வளந்துட்டாங்க. நல்லா இருக்கட்டும்."

"யாருங்க? நம்ம பையனா?"

"அவன் எங்க வளந்தான்?"

விஷயத்தை வெளியே கொண்டுவந்தது அத்தை. நகல் ராஜினாமா கடிதத்தோடு பணியாளர் கோப்புக்குப் போயிற்று, கோப்பு அத்தையிடம் இருந்தது. கடைசிச் சம்பளக் கணக்கு முடிக்க வேண்டுமே என்று பிரித்துப் பார்த்தவள் கடிதத்தை நான்கு தடவை படித்தாள். மதியம் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறக்கும் அறையில் அவளைத் தனியாக மடக்கினாள்.

"காரணம் ஒண்ணும் எழுதலையே?"

"எழுதணும்னு இல்ல அத்தை."

"எழுதாதது ஏன்னு எனக்குத் தெரியும்." அத்தை குரலைத் தாழ்த்தினாள். "போன வருஷம் உனக்கு அரை நாள் சம்பளம் பிடிச்சேனே. பல் டாக்டர்கிட்ட போன அன்னிக்கு."

"அதுவா? நான் மறந்தே போயிட்டேன்."

"நான் மறக்கல. எல்லாரும் பாக்கிறாங்களேன்னு பிடிச்சேன். சொந்த அண்ணன் மக, பல்லு வலிக்குது, அன்னிக்குப் போய்ப் பிடிச்சேனேன்னு ராத்திரி தூக்கமே வரல. அதை மனசுல வச்சுக்கிட்டுத்தானே?"

"இல்லவே இல்ல அத்தை."

"இல்லன்னுதான் சொல்லுவே. நீ நல்லவ."

அடுத்து மைக் வந்தான். மூலப்பொருள் அறையில் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அவனுக்குத் தெரிந்த மிக மெல்லிய குரலில் பேசினான். வெளியே பாட்டில் அடைப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"லிட்மஸ்னு கூப்பிட்டது தப்புதான். இனிமே கூப்பிடல. போதுமா?"

"அண்ணா, அதுக்காக இல்லண்ணா."

"அப்ப அந்த எலுமிச்சை வாசனையா?"

"எந்த எலுமிச்சை?"

"அதான், நீ உருவாக்கின வாசனை. கடைக்காரங்ககிட்ட எல்லாம் நான்தான் உருவாக்கினேன்னு சொல்லிட்டேன். உனக்கு யார் சொன்னது?"

"இப்ப நீங்கதான் சொன்னீங்க."

மைக் ஒரு மூட்டையின் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினான். "சரி, விடு" என்று கதவைத் திறந்துகொண்டு போனான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அந்தக் குடும்பத்தில் எல்லா நெஞ்சும் குறுகுறுத்தது. பெரியம்மாவுக்கும் சேதி போய்ச் சேர்ந்து, அவள் மாடியேறி வந்து, சின்ன வயதில் இவளுக்கு எடுத்த துணியைத் தன் தங்கை மகளுக்குக் கொடுத்ததைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடிதத்தில் இவள் எந்தக் காரணமும் எழுதாமல் விட்டிருந்தாள். அந்த வெற்றிடத்தில் ஆளுக்கொரு காரணத்தைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்கள். மனசாட்சிக்குச் சம்மதமான ராஜினாமா கடிதம் என்றால் என்னவென்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. அவளைத் தவிர எல்லோருடைய மனசாட்சியும் அதில் இருந்தது.

உண்மையான காரணம் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது ஒரு தொட்டி பாத்திரத் திரவம்.

அந்தத் திரவம் கெட்டியாக வருவதற்குக் கடைசியில் உப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். சேர்க்கச் சேர்க்கக் கெட்டியாகும். ஒரு அளவைத் தாண்டினால் சட்டென்று இளகித் தண்ணீராகிவிடும். ஆகவே கொஞ்சம் சேர்த்து, அளந்து பார்த்து, மறுபடி கொஞ்சம் என்றுதான் போக வேண்டும். போன வருடம் ஒரு நாள் அவசர ஆர்டர் என்று அவள் அளக்காமல் மொத்தமாகச் சேர்த்துவிட்டாள். ஒரு தொட்டி முழுவதும் குழாய்த் தண்ணீர் போல ஓடியது.

சார் வந்து எட்டிப் பார்த்தார். அவள் தொட்டியருகிலேயே நின்றாள். "விடும்மா" என்றார். கடைசிப் படிக்குக் கீழே நின்றுகொண்டு, விடும்மா. தொட்டியைக் கேனில் அடைத்து, உறவினர் வீடுகளுக்கெல்லாம் இலவசமாக அனுப்பினார். மாதக்கணக்கில் அத்தனை வீட்டுப் பாத்திரமும் அவள் தப்பினால் கழுவப்பட்டது. ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே வாரம் லேபிளைத் தலைகீழாக ஒட்டிய பேக்கிங்காரருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை போயிற்று. லேபிளைக் கிழித்து நேராக ஒட்டிவிடலாம். அவர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். நல்ல மனிதர், குத்தலாகச் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. அன்று விண்ணப்பம் போட ஆரம்பித்தவள்தான்.

இதைக் கடிதத்தில் எழுத முடியுமா? என்னைத் திட்டாததால் விலகுகிறேன் என்று எந்த ஊரிலாவது யாராவது எழுதியிருக்கிறார்களா?

கடைசி வாரம் வந்தது. புது கெமிஸ்ட் வந்து பொறுப்பேற்றார். மாதிரி பாட்டில்களை எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மிஞ்சியது விடுவிப்புக் கடிதம் ஒன்றுதான். கடைசி நாளுக்கு முந்தின நாள் சார் அவளைக் கூப்பிட்டு உறையை நீட்டினார். அவள் தன் இடத்துக்குப் போய்ப் பிரித்தாள்.

'சம்பந்தப்பட்டவர்களுக்கு' என்று சரியாகத்தான் ஆரம்பித்தது. அடுத்த வரியிலேயே தடம் புரண்டது.

'இவள் எங்கள் வீட்டுப் பிள்ளை. பிறந்தபோது இரண்டரைக் கிலோதான் இருந்தாள். அதிர்ந்து பேச மாட்டாள். பசித்தாலும் கேட்க மாட்டாள், நாம்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும். எங்களிடம் என்ன குறை கண்டாள் என்று தெரியவில்லை. இருந்தாலும் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். புதிய இடத்தில் இவளை ஏசாமல் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

கீழே கம்பெனி முத்திரை. மேலாண்மை இயக்குநர் கையெழுத்து. பதவி இல்லை, தேதி இல்லை.

அவள் முகம் சிவந்தது. பிறகு வெளுத்தது. இதை நீட்டினால் அந்த அதிகாரி அன்று குறித்துக்கொண்டதை அடிக்கோடு போட்டுக்கொள்வார். இரண்டரைக் கிலோ என்பதையும் சேர்த்து.

அவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கடிதத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

"சார், இது சரியா இல்ல."

"என்ன சரியா இல்ல?"

"பதவி, தேதி ரெண்டும் விட்டுப்போச்சு. அப்புறம்... மத்ததெல்லாம் இருக்கு."

"அதுல பொய் ஏதாவது இருக்கா?"

"பொய் இல்ல சார். ஆனா இது நீங்க எழுதினது இல்ல."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். அத்தை கணக்குப் புத்தகத்தில் தலையைப் புதைத்துக்கொண்டு காதை மட்டும் வெளியே வைத்திருந்தாள்.

"சார் ஒண்ணு எழுதினாரு" என்றார் அவர் கடைசியில். "நல்லாத்தான் எழுதினாரு. ராத்திரி ஒரு தடவை பாத்துடலாமேன்னு மேல எடுத்துட்டுப் போனேன். அங்க இருக்கிறவன் வாங்கி எழுதிட்டான்."

"அவர் ஏன் சார் எழுதணும்?"

"அவனுக்குத்தான் யாரும் எதுவும் சொல்லலையே. அப்புறம் எங்க போய்க் கொட்டுவான்?"

அத்தை நிமிர்ந்தாள். "அண்ணே, நீ ஒரு ஆளா ரெண்டு ஆளா? ரெண்டு ஆளுன்னா சொல்லு, ரெண்டு சம்பளம் போடணும்."

"நீ கணக்கைப் பாரு."

"பாத்துக்கிட்டேதான் கேக்கிறேன்."

அவளுக்கு அம்மா கேட்டது நினைவு வந்தது. கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். "சாயங்காலம் மேல வரேன் சார்" என்றாள்.  அன்று வேலை முடியும் மணி அடிப்பதற்கு முன்பே முதல் ஆளாகப் படியேறிப் போனார். அந்தக் கம்பெனி சரித்திரத்தில் அதுவும் முதல்முறை.

அவள் போனபோது நாற்காலி வாசலைப் பார்த்து இருந்தது. எதிரே இன்னொரு நாற்காலியும் போட்டிருந்தார். அதில் அவள் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லும்மா."

"நான் கம்பெனியை விட்டுப் போறேன்."

"அப்படியா?" என்றார் பெரியப்பா, புருவத்தை உயர்த்தி. "எப்போ?"

"நாளைக்குத்தான் கடைசி நாள்."

"இவ்வளவு சீக்கிரமா? சார்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் பெரியப்பா. ஒரு மாசம் முன்னாடியே."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஏத்துக்கிட்டாரு."

"ஏத்துக்குவாரு. அவருக்கு என்ன." உள்ளே பெரியம்மா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பெரியப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. "ஏம்மா போற?"

ஒரு மாதமாக எல்லோரும் தங்கள் காரணத்தைச் சொன்னார்களே தவிர, அவளிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில், பாத்திரத் திரவத்தைப் பற்றிச் சொன்னாள். உப்பைச் சொன்னாள், கேன்களைச் சொன்னாள், பேக்கிங்காரரைச் சொன்னாள். "எனக்கும் ஒரு எச்சரிக்கை கொடுத்திருக்கலாம் பெரியப்பா" என்று முடித்தாள்.



"கொடுக்கத்தான் நினைச்சேன். டைப்கூடப் பண்ணிட்டேன்" என்றார். "நீ தொட்டியவிட்டு நகரவே இல்ல. அன்னிக்கு நீ சாப்பிடவும் இல்ல. எப்படிக் கொடுக்கிறது?"

"அந்தத் தொட்டியை மீட்டிருக்கலாம் பெரியப்பா. உப்பு சேர்க்காத தொட்டி ஒண்ணு தயார் பண்ணி, அதுல இதைக் கொஞ்சம் கொஞ்சமா கலந்தா சரியாயிருக்கும். அதைச் சொல்லத்தான் நின்னேன். நீங்க விடும்மான்னுட்டீங்க."

பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். "மீட்டிருக்கலாமா?"

"ஆமா."

"முழுத் தொட்டியையுமா?"

"முழுசும்."

"அது தெரிஞ்சும் வாயைத் திறக்காம நின்னியா? நான் விடும்மான்னா விட்டுடறதா? நீ கெமிஸ்டா, இல்ல அலமாரியில வச்ச பொம்மையா?" அவர் குரல் ஏறியது. "முதல்ல, அளக்காம எப்படி மொத்தமா கொட்டினே? அவசர ஆர்டர்னா? ஆர்டர் அவசரப்படும், உப்பு அவசரப்படுமா? காலேஜுல இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா? கெட்டி எவ்வளவுன்னு அளக்கிற விஸ்காமீட்டர் எதுக்கு வாங்கி வச்சிருக்கு, துணி உலர்த்தவா?"

பெரியம்மா ஓடி வந்தாள். "என்னங்க, போற பிள்ளையப் போய்..."

"நீ சும்மா இரு. இது வேலை விஷயம்."

சத்தம் கேட்டு மைக் எட்டிப் பார்த்தான். விவரம் புரிந்ததும் கதவில் சாய்ந்துகொண்டான். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. இவ உப்பையும் கொட்டிட்டு, ஊரையும் நினைக்க வச்சுட்டா. அப்பா, எங்க மாமியார் வீட்டுல இன்னும் ஒரு கேன் பாக்கி இருக்கு."

"உன் விஷயத்துக்கு அப்புறம் வரேன். அந்த எலுமிச்சை வாசனை யார் கண்டுபிடிச்சது?"

மைக் கதவிலிருந்து காணாமல் போனான்.

பெரியப்பா திட்டி முடிக்க நன்றாக நேரம் பிடித்தது. ஒரு வருடத்துப் பாக்கி. கருவி, அளவு, பொறுப்பு, வாயைத் திறக்க வேண்டிய இடம், மூட வேண்டிய இடம் என்று ஒன்றையும் விடவில்லை. அவள் முகம் காது வரை சிவந்திருந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. ஆனால் மாடியேறிப் போனவளை அம்மா கண்டபோது, "என்னடி, திட்டு விழுந்த மாதிரியும் இருக்கு, பரிசு வாங்கின மாதிரியும் இருக்கு?" என்று கேட்டாள்.

மறுநாள் மாலை சார் அவளிடம் புது உறையைக் கொடுத்தார். மேலே எடுத்துப் போகவில்லை என்று அத்தை சாட்சி சொன்னாள். கெமிஸ்டாக இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணியாற்றினார், பொறுப்புகளை முறைப்படி ஒப்படைத்தார், இன்று வேலை நேர முடிவில் விடுவிக்கப்படுகிறார். வேறொரு சொல் இல்லை. அவள் அங்கேயே நின்று படித்தாள்.

"ஏதாவது மாத்தணுமா?" என்றார் சார்.

"இல்ல சார்."

ஆய்வுக்கூடத்து அதிகாரி அதை வாங்கிப் பார்த்து, தேதிகளைச் சரிபார்த்து, ஒன்றும் கேட்காமல் கோப்பில் சேர்த்துக்கொண்டார். அவளுக்கு ஒரு மேஜையும், வெள்ளைக் கோட்டும், கண்ணாடிக் குழாய்களும் கிடைத்தன. அங்கே அவளை யாருக்கும் தெரியாது. இரண்டாவது நாளே அவள் குறித்த ஒரு அளவு தப்பாக இருந்தது. மூத்த கெமிஸ்ட், குரலை உயர்த்தாமல், எல்லோர் முன்னாலும் தாளைத் திருப்பிக் கொடுத்து, "இப்படி ஒரு ரிப்போர்ட் இனிமே என் மேஜைக்கு வரக் கூடாது" என்றாள். அவள் மறுபடி செய்தாள். இந்தத் தடவை சரியாக வந்தது. தாள் ஒரு சொல்லும் இல்லாமல் ஏற்கப்பட்டது.

மாலை படியேறும்போது முதல் மாடியில் பெரியப்பா இருந்தார்.

"என்னம்மா, புது இடம் எப்படி?"

"நல்லா இருக்கு பெரியப்பா. இன்னிக்கு ஒரு திட்டு வாங்கினேன்."

பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். "யாரு?"

"மூத்த கெமிஸ்ட். தப்பு என்னோடதுதான்."

"தப்பு இருக்கட்டும். எங்க வீட்டுப் பிள்ளையைத் திட்ட அவ யாரு? அந்த ஆபீஸ் போன் நம்பர் குடு."

"வேணாம் பெரியப்பா."

"நான் ஒண்ணும் சண்டை போட மாட்டேன். பக்குவமா ரெண்டு வார்த்தை. நீ சரியா சாப்பிடறதில்லன்னு மட்டும் சொல்றேன்."

அவள் சிரித்துக்கொண்டே மேல்படி ஏறினாள். கீழேயிருந்து அவர் குரல் துரத்திக்கொண்டே வந்தது. "நம்பர் வேணாம்னா விலாசமாவது சொல்லிட்டுப் போ. பஸ் எங்க நிக்கும்?"